எழுவாய் யார்? ஆடை எழுத்தில் உடலளவைச் சொல்லும் சொற்கள்

1. கேள்வி

தமிழ்ப் பெண்கள் இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் ஆடைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு வாக்கிய அமைப்பு உண்டு. எந்த ஓர் இதழிலிருந்தும் எடுக்காமல், பரவலாகக் காணப்படும் நடையைக் கொண்டு ஒரு மாதிரிப் பத்தியை நானே எழுதிக்கொள்கிறேன்:

“குண்டானவர்கள் கஞ்சி போட்ட காட்டன் புடவைகளைத் தவிர்ப்பது நல்லது. குறுக்குக் கோடு போட்டவை இன்னும் பருமனாகக் காட்டும். பூசினாற்போல் இருப்பவர்கள் ஜார்ஜெட், ஷிஃபான் கட்டினால் எடுப்பாக இருக்கும். ஒல்லியானவர்களுக்கு எதுவும் பொருந்தும்.”

இதிலுள்ள ‘குண்டானவர்கள்’ சுடுகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ப்ளஸ் சைஸ் பெண்கள்’ என்று வைத்தால் குறை தீர்ந்துவிடும் என்பது இன்று பொதுவாக நிலவும் எண்ணம். அப்படித் தீர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கடுஞ்சொல்லும் மழுப்பல் சொல்லும் ஒரே இடத்தில் தவறுகின்றன. இரண்டுமே உடலுக்கு உரியவரை எழுவாயாக்கிவிட்டு, துணியைப் பற்றி எதுவும் சொல்லாமல் போய்விடுகின்றன. ஆகவே மாற்ற வேண்டியது பெயரடையை அன்று, வாக்கியத்தின் எழுவாயை என்று நினைக்கிறேன்.

2. மங்கலமும் பழக்கூடையும்

சொல்லை மென்மையாக்கும் வழக்கம் தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது முதலாவது. நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்வது இரண்டாவது. ஒரு தொழிற்குழு தனக்குள் வழங்கிக்கொள்ளும் சொல் மூன்றாவது. ‘பூசினாற்போல்’, ‘கொழுகொழு’, அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்த ‘பப்ளி’ எல்லாம் மங்கலத்தின் பாற்பட்டவை. மங்கலச் சொல்லுக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: சொல்லப்படும் பொருள் அமங்கலம் என்று பேசுகிறவர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். படிக்கிற பெண்ணுக்கு அது புரிந்துவிடுகிறது. அதனால்தான் ‘பப்ளி’ என்று எழுதினாலும் அவள் காதில் ‘குண்டு’ என்றே விழுகிறது.

பாராட்டுச் சொற்களின் கதையும் இதுதான். தமிழ்நாட்டில் பூப்போன்ற ஒரு பெரிய இட்லிக்கு நடிகை குஷ்புவின் பெயர் வந்தது. வெறுப்பால் வைத்த பெயரன்று அது. ஆனாலும் ஓர் உடலைத் தின்பண்டமாக்கித்தான் அந்தப் பாராட்டைச் சொல்ல முடிந்திருக்கிறது.

ஆடைக் கட்டுரைகளுக்குள் வந்திருக்கும் ‘ஆப்பிள் வடிவம்’, ‘பேரிக்காய் வடிவம்’, ‘மணற்கடிகாரம்’ என்ற வகைப்பாடு பார்வைக்கு அறிவியல்போல இருக்கிறது. திட்டவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை, விகிதத்தைச் சொல்கிறது என்பார்கள். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது சிறியது. கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் நம் நாட்டுப் பேரிக்காய் உருண்டை. இடுப்பு அகன்று தோள் குறுகிய மணிவடிவப் பழம் நம் சந்தையில் அண்மைக்காலத்து விருந்தாளி. உவமை மட்டும் பழத்துக்கு முன்பே வந்திறங்கிவிட்டது.

இரண்டாவது சிக்கல் பெரியது. பழக்கூடை வகைப்பாட்டில் மணற்கடிகாரம்தான் சொல்லாமல் சொல்லப்படும் இலக்கு. மற்ற வடிவங்களுக்கான அறிவுரை எல்லாமே ‘இடுப்பு இருப்பதுபோல் காட்ட’, ‘தோளைச் சமன்செய்ய’ என்று அந்த ஒன்றை நோக்கியே போகிறது. அந்த வடிவம் எவ்வளவு பேருக்கு இருக்கிறது? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ‘சைஸ் யூ.எஸ்.ஏ.’ உடல் ஸ்கேன் கணக்கெடுப்பின் தரவுகளை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகைப்படுத்திப் பார்த்தார்கள். 6,000க்கும் மேற்பட்ட பெண்களில் மணற்கடிகார வடிவம் சுமார் 8 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் செவ்வக வடிவினர். இது அமெரிக்கப் பெண்களின் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிறுபான்மையின் வடிவத்தை அளவுகோலாக்கிப் பெரும்பான்மையைக் குறைபாடாக எழுதும் நடை எங்கிருந்து வந்ததோ, அங்கேயே அது உண்மைக்குப் பொருந்தவில்லை என்பதை இது காட்டுகிறது.

3. ‘ஸ்டவுட்’ என்பதிலிருந்து ‘ப்ளஸ்’ வரை

பெயரை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு நூற்றாண்டு வரலாறே இருக்கிறது. லித்துவேனியாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய லீனா பிரையன்ட் என்ற தையற்காரர் 1904இல் கடை திறந்தார். வங்கிப் படிவம் ஒன்றில் நேர்ந்த எழுத்துப்பிழையால் கடையின் பெயர் ‘லேன் பிரையன்ட்’ ஆயிற்று. கருவுற்ற பெண்களுக்கான ஆடைகளில் தொடங்கி, பின்னர் பெரிய அளவு ஆடைகளுக்கு நகர்ந்தார். அவருடைய கணவர் ஆல்பர்ட் மால்சின் பொறியாளர். கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களின் அளவுகளையும், காப்பீட்டு நிறுவனம் ஒன்று வைத்திருந்த சுமார் 2,00,000 பெண்களின் விவரங்களையும் அவர் சேர்த்துப் பார்த்தார். ‘பருமன்’ என்று ஒரே சொல்லில் அடக்கியிருந்த உடல்கள் ஒரே வகை அல்ல என்பதும், ஒருவருக்கு மார்பு, இன்னொருவருக்கு இடுப்பு, வேறொருவருக்கு உடல் முழுதும் என அளவு கூடுகிற இடம் மாறுகிறது என்பதும் அதில் தெரிந்தன. வடிவங்களை அதற்கேற்ப வெட்டினார்கள், வணிகம் பெருகியது.

வெட்டு நுட்பமாக இருந்தது, விளம்பரம் அப்படி இல்லை. அன்றைய வணிகச் சொல் ‘ஸ்டவுட்’. ‘ப்ளஸ் சைஸ்’ என்ற தொடர் 1920களில் இதே கடையின் விளம்பரங்களில் தலைகாட்டுகிறது. அங்கே ‘ப்ளஸ்’ பெண்ணுக்கு அடைமொழி அல்ல, அளவுக்கு அடைமொழி. வழக்கமான அளவு வரிசைக்கு மேலே கூடுதலாகச் சில எண்கள் என்பதே பொருள். காலப்போக்கில் அச்சொல் துணியை விட்டு இறங்கி மனிதர்மேல் ஏறிக்கொண்டது. அளவு ப்ளஸ்ஸாக இருந்தது போய், பெண் ‘ப்ளஸ்’ ஆனாள். 1950களில் சிறுமியருக்கென அதே நிறுவனம் நடத்திய ஆடை வரிசையின் பெயர் ‘சப்பெட்ஸ்’. குண்டுச் சிறுமியர் என்பதற்குச் செல்லப் பெயர். செல்லமாகத்தான் வைத்தார்கள். அந்தப் பெயர் தைத்த உடுப்போடு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்தவர்கள் குறைவு.

லாரன் டவ்னிங் பீட்டர்ஸ் 2023இல் வெளியிட்ட நூல் இந்த ‘ஸ்டவுட்’ காலத்தை விரிவாக ஆராய்கிறது. பெரிய உடல் என்பதைத் தனிச் சிக்கலாக உருவாக்கியதில் ஆடைத் தொழிலுக்கே பங்குண்டு என்ற பார்வையை இத்தகைய ஆய்வுகள் வலுப்படுத்தியுள்ளன. நான் இதில் கவனிப்பது சொல்லின் இடப்பெயர்ச்சியை. துணிக்கு அடைமொழியாக இருந்தவரை ‘ப்ளஸ்’ யாரையும் புண்படுத்தவில்லை. மனிதருக்கு அடைமொழியானதும் அதற்கு முந்தைய சொல்லின் சூடு முழுவதும் அதில் ஏறிவிட்டது. அடுத்து எந்தச் சொல்லை அந்த இடத்தில் வைத்தாலும் அதுவும் சுடும்.

4. 1958: ஒரு நல்ல குறியீடும் அதன் தோல்வியும்

விகிதத்தை யாரையும் தாழ்த்தாமல் எழுத முடியுமா என்பதற்கு அமெரிக்க அரசு ஒருமுறை விடை எழுதிப் பார்த்தது. அந்நாட்டு வேளாண் துறை 1939–40இல் சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் எடுத்துப் பதிவு செய்தது. பொறுப்பாளர்கள் ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும். இந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு, பிறகு திருத்தி, 1958இல் ‘CS 215-58’ என்ற வணிகத் தரம் வெளியாயிற்று.

அதன் குறியீடு எளியது. அளவுக்கு 8 முதல் 38 வரை ஓர் எண். உயரத்துக்கு T, R, S என்று ஓர் எழுத்து: நெடியது, நடுத்தரம், குறுகியது. இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு குறி. சராசரியைவிடக் குறைவென்றால் கழித்தல், கூடுதலென்றால் கூட்டல், சராசரி என்றால் குறி கிடையாது. ‘12T+’ என்று ஒட்டியிருந்தால், 12ஆம் அளவு, உயரமானவருக்கு வெட்டியது, இடுப்பில் கூடுதல் துணி உண்டு என்று பொருள். இதே கூட்டல்குறிதான் ‘ப்ளஸ்’. ஆனால் இங்கே அது இடுப்புப் பகுதியின் துணியைச் சொல்கிறதே தவிர ஆளைச் சொல்லவில்லை. அதே 12ஆம் எண்ணில் கழித்தலும் இருப்பதால் கூட்டல் ஒரு பழியாகவும் இல்லை.

இவ்வளவு செப்பமான குறியீடு ஏன் நிலைக்கவில்லை? ஒரு காரணம் தரவிலேயே இருந்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. சராசரி என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே அரைகுறையாக இருந்தது. இன்னொரு காரணம் வணிகம். ஓர் எண்ணுக்கு மூன்று உயரம், மூன்று இடுப்பு என்றால் ஒன்பது வகை. எந்தக் கடை அவ்வளவு சரக்கை அடுக்கிவைக்கும்? அதோடு சிறிய எண்ணை ஒட்டினால் வாங்குகிறவர் மனம் குளிர்கிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் எண்களைத் தம் விருப்பத்துக்குத் தளர்த்தின. 1958 தரத்தில் 8ஆம் அளவின் இடை 23.5 அங்குலம். இன்று அதே 8 என்ற ஒட்டுச்சீட்டுள்ள ஆடை அதைவிடப் பல அங்குலம் பெரியது. 1983இல் தரம் திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பா பிற்பாடு ‘EN 13402’ தரத்தில் உடற்படத்தின்மேல் செ.மீ. அளவையே எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஆடை எழுத்தாளருக்கு இங்கே கிடைப்பது குறியீடு அன்று, அதற்கு அடியில் இருந்த சிந்தனை: எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிட்டால் ‘எப்படிப்பட்டவர்’ என்று சொல்ல வேண்டிய தேவை விழுந்துவிடுகிறது.

5. தையற்கடை வாக்கியம்

அந்தச் சிந்தனைக்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்றாவது வகையான குழூஉக்குறி, நம் தையற்கடைகளில் நாள்முழுதும் புழங்குகிறது. அளவு ஜாக்கெட்டோடு திரும்பிவரும் பெண் என்ன சொல்கிறார்? “கை பிடிக்குது.” “தோள் இறங்குது.” “முதுகு தூக்குது.” “கழுத்து ஏறுது.” தையற்காரர் என்ன சொல்கிறார்? “உள்ள துணி விட்டிருக்கேன், பிரிச்சு விட்டுடலாம்.” அந்தப் பெண்ணின் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எழுவாய் ஜாக்கெட்டின் ஒரு பகுதி. பிடிக்கிற கை ஜாக்கெட்டின் கை, இறங்குகிற தோள் ஜாக்கெட்டின் தோள். பிழை துணியிடம் இருக்கிறது, திருத்தமும் துணியில்தான் நடக்கிறது.

தையற்காரர்களைப் புனிதராக்கவில்லை. “போன தடவையவிட வெயிட் போட்டுட்டீங்கம்மா” என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்வதும் அவர்கள்தாம். ஆனால் வேலையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் மொழி துல்லியமாகிவிடுகிறது. அந்தத் துல்லியம் ஒரே அடைமொழிக்குள் மறைந்துபோகும் வேறுபாடுகளை எப்படி வெளிக்கொண்டுவருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம்.

இரண்டு பெண்கள். இருவருக்கும் மார்புச் சுற்றளவு 40 அங்குலம். இதழின் கணக்கில் இருவரும் ‘கொஞ்சம் பருமனானவர்கள்’. அக்குளுக்கு அடியில் டேப்பைச் சுற்றி மேல் மார்பை அளந்தால் முதலாமவருக்கு 39, இரண்டாமவருக்கு 36. பொதுவான வெட்டுமுறை, மேல் மார்புக்கும் மார்புக்கும் 2 அங்குல வேறுபாடு இருக்கும் என்ற ஊகத்தில் வரையப்படுகிறது. ஆக, ரெடிமேட் 40 ஜாக்கெட் 38 அங்குல மேல் மார்புக்கு வெட்டியது. முதலாமவருக்கு அது முதுகிலும் அக்குளிலும் பிடிக்கும். இரண்டாமவருக்கோ மார்பில் பொருந்தி, மேலே 2 அங்குலம் மிஞ்சும்; தோள் இறங்கும், முன்கழுத்து வாய் பிளக்கும். அவர் கடையில் சொன்னால் “அப்ப சின்ன சைஸ் எடுங்க” என்பார்கள். சின்ன சைஸ் மார்பில் கொக்கி போடவிடாது. அவருக்கு வேண்டியது 38ஆம் அளவில் வெட்டி, முன்பக்கத்தில் மட்டும் 2 அங்குலம் கூட்டி, டாட்டை ஆழமாகப் பிடித்த ஜாக்கெட். அல்லது பிரின்சஸ் கட்.

இந்த இருவரையும் ‘குண்டானவர்கள்’ என்றாலும் ‘ப்ளஸ் சைஸ்’ என்றாலும் ‘வளைவுகள் கொண்டவர்கள்’ என்றாலும் ஒருவருக்கும் பயன் இல்லை. ‘மார்புக்கும் மேல் மார்புக்கும் 3 அங்குலமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியம் இரண்டாமவரைச் சரியாகத் தொடுகிறது. ‘ஒல்லி’ என்று அழைக்கப்படுகிறவர்களிலும் 32 மார்பும் 29 மேல் மார்பும் உள்ளவர் இருப்பார். அவருக்கும் அதே வாக்கியம் பொருந்தும். சேர்த்துக்கொள்ளும் சொல் என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்: எந்த எடையுள்ளவரும் தம்மை அதில் காணலாம்.

6. புடவையின் கணக்கு

புடவைக்கு அளவே கிடையாது, எல்லோருக்கும் பொருந்தும் என்று ஒரு பெருமைப் பேச்சு உண்டு. அது பாதி உண்மை. புடவையின் நீளம் வழக்கமாக 5.5 மீட்டர், சுமார் 216 அங்குலம். இன்று பெரும்பாலோர் கட்டும் முறையில், உடலை ஒருமுறை சுற்றி, கொசுவம் வைத்துச் செருகி, மறுபடி ஒருமுறை சுற்றி முந்தானையைத் தோளில் போடுகிறோம். ஆகச் சுற்று இரண்டு. இடுப்பு 36 அங்குலமானால் சுற்றுக்கு 72 அங்குலம் போகும், 48 ஆனால் 96 போகும். வேறுபாடு 24 அங்குலம். 5 அங்குல அகலக் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் 10 அங்குலத் துணி தின்னும் என்பதால், இரண்டு மடிப்புக்கு மேல் குறையும். முந்தானையைக் குட்டையாக விட்டால் ஒன்றை மீட்கலாம்.

இந்தக் கணக்கை ‘பருமனானவர்களுக்குக் கொசுவம் சரியாக வராது’ என்று எழுதுவதும் உண்டு. எழுவாயை மாற்றினால் தகவலும் கூடுகிறது: ‘5.5 மீட்டர் புடவையில் இடுப்பு 44 அங்குலத்துக்கு மேல் போனால் கொசுவம் ஒன்றிரண்டு குறையும். உள்முனையில் ஜாக்கெட் பிட் சேர்த்து நெய்த புடவையானால், பிட்டை வெட்டாமல் உள்ளே விட்டுச் சுற்றுங்கள், 80 செ.மீ. பிட் மூன்று மடிப்பைத் திருப்பித் தரும். ஜாக்கெட்டுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்.’ வீடுகளில் பலரும் செய்துவருகிற வேலைதான் இது. அச்சில்தான் குறைவாகக் காண்கிறேன்.

இனி தொடக்கத்தில் எழுதிய மாதிரிப் பத்திக்கு வரலாம். அதில் ‘குறுக்குக் கோடு பருமனாகக் காட்டும்’ என்பது சான்று கேட்க வேண்டிய கூற்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உண்மையைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிவதைக் காட்டினார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சனும் கிரியாக்கி மிகெல்லிடூவும் அதை ஆடை உடுத்திய பெண்ணுருவங்களில் சோதித்து, குறுக்குக் கோடு அகலமாகக் காட்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதரவில்லை என்றார்கள். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வரம்பு போட்டார்கள்: மெலிந்த உருவத்தில் இந்த விளைவு நன்றாகத் தெரிகிறது, உருவம் அகல அகலக் குறைகிறது. ஆக விவாதம் முடிந்துவிடவில்லை. முடியாத விவாதத்தை விதியாக எழுதி ஒரு பெண்ணின் அலமாரியிலிருந்து கோட்டுப் புடவைகளை எல்லாம் இறக்கச் சொல்வது என்ன நியாயம்?

கஞ்சி பற்றிய கூற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் அது துணியைப் பற்றியது. மாற்றி எழுதினால் பத்தி இப்படி வரும்: “கஞ்சி போட்ட காட்டன் மடித்த இடத்தில் விறைத்து நிற்கும், கொசுவம் இடுப்பருகே உப்பும். அந்த உப்பல் சிலருக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் கஞ்சி இல்லாமல் துவைத்துத் தேய்த்துக் கட்டலாம். ஜார்ஜெட்டும் ஷிஃபானும் உடலோடு ஒட்டி விழும், உள்பாவாடையின் தையல்கூடத் தெரியும்.” யாரையும் பெயரிட்டு அழைக்கவில்லை. யாருக்கு எது வேண்டும் என்பதைப் படிக்கிறவரே முடிவுசெய்துகொள்வார். ‘ஒல்லியானவர்களுக்கு எதுவும் பொருந்தும்’ என்ற கடைசி வரிக்கு மாற்றே தேவையில்லை; அது பொய். எழும்பிய தோள்பட்டை எலும்பில் ஜாக்கெட்டின் கழுத்து நிற்காமல் நழுவுவது பற்றி அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய பருமன் உரிமை இயக்கத்தின் மரபில் வருகிறவர்கள், ‘ஃபேட்’ என்ற சொல்லை வெட்கமின்றித் தாமே எடுத்துக்கொண்டார்கள். தமிழிலும் “ஆமா, நான் குண்டுதான், அதுக்கென்ன?” என்று சொல்லும் பெண்கள் உண்டு. அச்சொல்லை நீக்குவது அவர்கள் வாயை அடைப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னதை மேற்கோளுக்குள் அப்படியே வைக்க வேண்டும், மென்மைப்படுத்தக் கூடாது. மேற்கோளுக்கு வெளியே கட்டுரையாளர் தம் குரலில் அதை எடுத்தாளக் கூடாது. பேட்டி கொடுத்தவரின் சொல் துணைத்தலைப்பாக மாறும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கோடு அழிகிறது.

இரண்டாவது, தேடல். கடையிலும் இணையத்திலும் ‘ப்ளஸ் சைஸ்’ என்ற பிரிவில்தான் XXLக்கு மேற்பட்டவை இருக்கின்றன. அச்சொல்லைத் தவிர்த்தால் படிக்கிறவர் எங்கே போய்த் தேடுவார்? இது நியாயமான கேள்வி. அலமாரியின் பெயராக அதை எழுதலாம். ‘ப்ளஸ் சைஸ் பிரிவில் கிடைக்கும்’ என்பது வேறு, ‘ப்ளஸ் சைஸ் பெண்களுக்கு’ என்பது வேறு.

மூன்றாவதுதான் கடினமானது: எண்ணை நம்பலாமா? இந்தியாவுக்கென ஒரு தேசிய அளவுப் பட்டியலை உருவாக்க, ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேன் செய்யும் திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் அறிவித்தது. கடைகளிலோ இன்னமும் ஒரு நிறுவனத்தின் L இன்னொன்றின் XL. அதைவிட நுட்பமான சிக்கல் ஒட்டுச்சீட்டிலேயே இருக்கிறது. குர்த்தியில் ‘40’ என்று போட்டிருந்தால் அது 40 அங்குல மார்புக்கு உரியது என்பதா, தைத்து முடித்த துணியின் சுற்றளவே 40 என்பதா? உடலைவிடக் குர்த்தி 2 முதல் 4 அங்குலம் தளர்வாக இருந்தால்தான் உட்கார்ந்து எழ முடியும். துணியளவு 40 என்றால் அது 36, 38 மார்புள்ளவருக்கு உரியது. அதை உடலளவாக எண்ணி 40 மார்புள்ளவர் வாங்கினால் தைத்த இடம் இழுக்கும், குற்றம் தம் உடலில்தான் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே எண்ணை எழுதும் இடத்திலெல்லாம் ‘உடலளவு’ அல்லது ‘துணியளவு’ என்ற சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும். கடை அதைச் சொல்லவில்லை என்றால், டேப்பை எடுத்து அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை குர்த்தியைப் பரப்பி அளந்து இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதலாம். ஒரு நிமிட வேலை.